“ஒரே ஒரு வரிதான், தங்கச்சி”

தீபாவளிக்கு இன்னும் 18 நாள். இரவு பத்து மணிக்குப் புலனத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. “தங்கச்சி, ஒரே ஒரு வரிதான். கொஞ்சம் சேத்துப் பேசிக் கொடுத்திடும்மா.”

பேசியவர் கிள்ளானில் சேலைக் கடை வைத்திருக்கும் அண்ணன். என் கல்யாணச் சேலையை அவர் கடையில்தான் எடுத்தோம். வானொலி வேலை போக, நிலையத்தின் அனுமதியோடு விளம்பரங்களுக்கு நான் குரல் கொடுப்பதுண்டு. அவர் கடைக்கு 30 விநாடி விளம்பரம் ஒன்று. 350 ரிங்கிட், அதில் இரண்டு திருத்தம் அடக்கம் என்று முதலிலேயே எழுதி அனுப்பியிருந்தேன். அவரும் ‘சரி’ என்று பதில் போட்டிருந்தார்.

முதல் பதிவில் ஒரு சொல்லில் ழகரம் தெளிவாக விழவில்லை. அது என் தவறு. அவர் கவனிப்பதற்கு முன்பே மாற்றிக் கொடுத்தேன். அதைத் திருத்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு, “இன்னும் கொஞ்சம் கலகலப்பாப் பேசு” என்றார். அது ஒன்று. மலிவு விற்பனை முடியும் தேதியை மாற்றினார். அது இரண்டு. இப்போது, குழந்தைகளுக்கான பாவாடை சட்டையும் உண்டு என்று ஒரு வரி வேண்டுமாம்.

கேட்பவருக்கு அது ஒரு வரிதான். ஆனால் நேற்றுக் காலை பேசிய குரலும் இன்று இரவு பேசும் குரலும் ஒன்றாக இருக்காது. ஒலிவாங்கியிலிருந்து நான் நாலு விரல் தள்ளி உட்கார்ந்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். புது வரியை மட்டும் ஒட்டினால் நடுவில் வேறு யாரோ பேசுவதுபோல் கேட்கும். அதனால் முழுவதையும் மறுபடி பேச வேண்டும். 30 விநாடி ஏற்கெனவே நிரம்பிவிட்டதால், ஒரு வரி நுழைந்தால் வேறொரு வரி வெளியேற வேண்டும். பிறகு இசையோடு பொருத்த வேண்டும். எனக்கு இது ஒன்றரை மணி நேர வேலை.

அம்மாவிடம் சொன்னேன். “தெரிஞ்ச மனுசன். ஒரு வரிக்கா காசு கேப்ப?” என்றார். எனக்கும் அந்தத் தயக்கம்தான். ஆனால், போன ஆண்டு இன்னொரு வாடிக்கையாளருக்கு இப்படியே ஏழு முறை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். கடைசியில் அவர் எடுத்துக்கொண்டது இரண்டாவது பதிவைத்தான்.

மறுநாள் காலை அண்ணனுக்கு எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியதில் இரண்டு ‘மன்னிக்கவும்’ இருந்தன. ‘வேலை அதிகம், தொண்டை சரியில்லை’ என்றும் இருந்தது. அவற்றை அழித்தேன். தொண்டை சரியில்லை என்றால், “பரவால்லம்மா, ரெண்டு நாள் கழிச்சுக் கொடு” என்பார். அது அன்பான பதில்தான். ஆனால் வேலை அப்படியே இலவசமாக என் தலையில் இருக்கும்.

இப்படி அனுப்பினேன்: “அண்ணே, நாம் பேசிய இரண்டு திருத்தமும் முடிந்துவிட்டன. இப்போது கேட்பது புது வரி, அதனால் முழுவதும் மறுபடி பதிவு செய்ய வேண்டும். அதற்கு 120 ரிங்கிட். வேறு மாற்றம் இருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து வெள்ளிக்கிழமைக்குள் ஒரே தடவையாக அனுப்புங்கள், அதே 120தான். வேண்டாமென்றால் இப்போது கையில் இருக்கும் பதிவையே பயன்படுத்தலாம். அதில் குறை எதுவும் இல்லை.”

இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. அன்று முழுக்க நிகழ்ச்சியில் பாட்டு ஓடும்போதெல்லாம் கைப்பேசியைப் பார்த்தேன். இனி அந்தக் கடைப் பக்கம் எப்படிப் போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

மறுநாள் மாலை அழைத்தார். “தேதி மாத்தினதையும் திருத்தம்னு கணக்கு வெச்சிட்டியா? அது எனக்குத் தெரியாதும்மா” என்றார். அந்தக் கேள்வி நியாயமானது. ‘இரண்டு திருத்தம்’ என்று எழுதினேனே தவிர, எது திருத்தம் என்று நான் எழுதவில்லை. அதை ஒப்புக்கொண்டேன்; ஆனால் விலையைக் குறைக்கவில்லை.

அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: “மவன் மூணு மாத்தம் சொல்றான், வீட்டுல ரெண்டு சொல்றாங்க. காசுன்னதும் உக்காந்து பேசினோம். பாவாடை சட்டை மட்டும் போதும். பில்லு போடு.”

இலவசமாக இருந்திருந்தால் அந்த ஐந்தும் தனித்தனி இரவில் வந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. வீட்டில் யார் முடிவெடுப்பது என்பதை அந்த 120 ரிங்கிட் தீர்த்து வைத்திருந்தது.

இப்போது விலை சொல்லும்போதே மூன்று வரி சேர்த்து எழுதுகிறேன். என் உச்சரிப்புப் பிழைக்குக் காசு இல்லை, எத்தனை முறையானாலும். பேசும் தொனி மாற்றம் இரண்டு முறை அடக்கம். நீங்கள் ஒப்புக்கொண்ட எழுத்தில் ஒரு சொல்லோ தேதியோ மாறினால் அது மறுபதிவு. அதற்குக் கட்டணம் இவ்வளவு.

அந்த வருடத் தீபாவளிச் சேலையையும் அண்ணன் கடையில்தான் எடுத்தேன். விலை குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.