இரவு 12.15: இரட்டித்த அறிக்கையும் இரண்டு தேதிகளும்

விற்பனைப் பதிவுகளை ஒவ்வொரு நாளும் கடைகள் அடைத்த பிறகு கணினியே தொகுத்து, உரியவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் தாள் இரவறிக்கை எனப்படும். அதைச் சரிபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர் பகுப்பாய்வாளர். அவருடைய கைத்திறன் கூட்டல் கழித்தலில் அடங்குவதன்று, ஓர் எண் எங்கிருந்து எந்த நேரத்தில் வந்தது என்பதைத் தடம்பிடித்துச் செல்வதில் இருக்கிறது.

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் கடையும் கொட்டாஞ்சேனையில் களஞ்சியமும் கொண்ட புடவை வணிகம் ஒன்றில், பணிக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன இளநிலைப் பகுப்பாய்வாளர் ஒருவர் எதிர்கொண்ட பிழை இத்திறனை விளக்கப் போதுமானது. கடையில் ஒரு நாள் விற்ற சேலைகள் 84 எனப் பற்றுச்சீட்டுகள் காட்ட, களஞ்சியப் பதிவேடு 168 என்றது. குறைவாகவோ கூடுதலாகவோ இருந்திருந்தால் களவு, தவறிய பதிவு எனப் பல காரணங்களைத் தேட வேண்டியிருந்திருக்கும். சரியாக இருமடங்கு என்பதோ, ஒரே தாள் இரு முறை ஏறியிருக்கிறது என்பதற்கான அடையாளம். களஞ்சியப் பொறுப்பாளரிடம் கேட்டபோது, அவர் மேசையில் ஒரே நாளின் தாள்கள் இரண்டு கிடந்தன. “இரண்டு வந்தால் இரண்டையும்தான் பதிவேன், தங்கச்சி, எதை விடுவதென்று எனக்கு யார் சொன்னது?” என்றார் அவர்.

அறிக்கை இரவு 12.15க்குச் செல்லும், இணைப்பு அறுந்து அது தவறினால் ஈடுசெய்வதற்காக அதிகாலை 3.15க்கு இன்னொரு முயற்சி உண்டு. இரண்டாம் முயற்சி, ‘இன்றைக்கு ஏற்கெனவே அனுப்பப்பட்டதா?’ என்று அனுப்பற்பதிவில் பார்த்து, ஆம் எனில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மார்ச் 12க்கு அந்தக் கேள்வி இப்படி அமைந்திருந்தது:

```sql
SELECT COUNT(*) FROM send_log
WHERE DATE(sent_at) = '2024-03-12';
```

விடை சுழியமாகவே வந்தது. அறிக்கையோ உண்மையில் சென்றிருந்தது. ஆனால் அதற்குரிய பதிவைத் திறந்தபோது அங்கே இருந்த நேரம் `2024-03-11 18:45`. ‘கால்’ மணிக்குச் சென்ற தாள் ‘முக்கால்’ மணியில் பதிவாகியிருந்த இந்த அரைமணிப் பிசகே பிழையைக் காட்டிக்கொடுத்தது. சேர்வர் எனப்படும் வழங்கிக் கணினியின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடியது. இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. கேள்வியில் உள்ள ‘இன்று’ கொழும்பின் நாளாகவும், பதிவில் உள்ள தேதி உலகப் பொது நேரத்தின் நாளாகவும் இருந்ததால், ஒன்று மற்றொன்றைக் கண்டுகொள்ளவே இல்லை.

இப்பிழை முன்னரே பிடிபடாததற்கும் அதே ஐந்தரை மணிதான் காரணம். கொழும்பில் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை மட்டுமே இரண்டு தேதிகளும் வேறுபடும். அதன்பின் அடுத்த நள்ளிரவு வரை ஒன்றாகவே இருக்கும். மென்பொருளை எழுதியவர்கள் அலுவலக நேரத்தில் சோதித்ததால், இரண்டாம் அனுப்புதல் ஒவ்வொரு முறையும் முறையாகத் தடுக்கப்பட்டது. பகலில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் இந்தக் குறை தென்படாது. நேரத்தை அதிகாலைக்கு மாற்றி வைத்து ஓட்டினால் முதல் முறையிலேயே தென்படும்.

பதிவிலுள்ள நேரத்தோடு ஐந்தரை மணியைக் கூட்டிவிடுவது எளிய தீர்வாகத் தோன்றலாம். ஆனால் இலங்கையின் நேரம் எப்போதும் அதுவாக இருந்ததில்லை. மின் தட்டுப்பாட்டால் 1996 மே மாதம் ஆறரை மணியாகவும், அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணியாகவும் மாற்றப்பட்ட நேரம், 2006 ஏப்ரல் 15 அன்றுதான் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்த இரவில் 12.30ஐத் தொட்ட கடிகாரம் 12.00க்குப் பின்தள்ளப்பட்டதால், 12.15 இரு முறை வந்தது. உள்ளூர் நேரத்தை நம்பி 12.15க்கு ஓடும் வேலை எதுவாயினும் அன்று இரு முறை ஓட இடமிருந்தது. இம்மாற்றங்கள் யாவும் கணினிகளின் நேரவலயத் தொகுப்பில் `Asia/Colombo` என்னும் பெயரின் கீழ் பதிவாகியுள்ளன; எனவே நேரத்தை மாற்ற வேண்டிய இடத்தில் கையால் கூட்டாமல் அப்பெயரையே பயன்படுத்துவது பொருத்தம்.

ஆயினும் இளநிலைப் பகுப்பாய்வாளர் முன்வைத்த திருத்தம் கடிகாரத்தைத் தொடவில்லை. எப்போது அனுப்பப்பட்டது என்பதற்குப் பதிலாக எந்த நாளின் விற்பனை என்பதைத் தனி நிரலில் எழுதி, ஒரு நாளுக்கு ஒரு வரியே இருக்கலாம் என்று தரவுத்தளத்துக்கே விதி வகுத்தார்:

```sql
ALTER TABLE send_log ADD UNIQUE (report_date);
```

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. அனுப்புமுன் வரியை எழுதினால், அனுப்புதல் தவறும் இரவில் இரண்டாம் முயற்சியும் தடைபடும். அனுப்பியபின் எழுதினால், எழுதுமுன் கணினி நின்றுபோகும் இரவில் தாள் மீண்டும் இரட்டிக்கும். ஆகவே ‘தொடங்கியது’, ‘சென்றது’ என்னும் நிலைகளையும் அவ்வரியில் குறித்து, ‘தொடங்கியது’ என்றே நின்றுவிட்ட நாளை மனிதர் ஒருவர் பார்க்கும்படி விடப்பட்டது. கொட்டாஞ்சேனைக்கு வரும் தாளின் தலைப்பிலும் அந்த விற்பனை நாள் இப்போது அச்சாகிறது. அதே நாளின் தாள் மீண்டும் வந்தால் எதை விடுவது என்பது பொறுப்பாளருக்குத் தெரியும்.