கூட்டத்தோடு ஒட்டாத மச்சம்

மாதத்தின் முதல் ஞாயிறு, குளித்து முடித்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு என் மச்சங்களைப் பார்க்கிறேன். நோட்டில் உடம்பின் கோட்டுப்படம் இரண்டு வரைந்திருக்கிறேன், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. உள்ளங்கை, உள்ளங்கால்களுக்குத் தனிப் பக்கம். மச்சம் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி. அருகில் அதன் அகலம் மில்லிமீட்டரில், பார்த்த தேதி.

ஒருவர் உடம்பிலுள்ள மச்சங்களுக்கு ஒரு குடும்பச் சாயல் உண்டு. அந்தச் சாயலில் சேராமல் தனித்து நிற்பதைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று 1998-இல் குரோப், போனராந்தி என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘அழகற்ற வாத்துக்குஞ்சு’. என் மச்சங்கள் எல்லாம் சிறியவை, வெளிர் பழுப்பு. அவற்றுக்கு நடுவே கன்னங்கரேலென்று ஒன்று வந்தால் அதுதான் வேற்றாள். பெரிய கறுப்பு மச்சங்களே நிறைந்த உடம்பில், சின்னதாகச் சிவந்த ஒன்று வேற்றாளாகலாம்.

முதுகைப் பார்க்க, நிலைக்கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்று கைக்கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடிப்பேன். தலையை மகள் பார்ப்பாள், பேன் பார்ப்பதுபோல வகிடு வகிடாகப் பிரித்து, காதின் பின்புறம் வரைக்கும். தொடையிடுக்கையும் பிட்டத்தையும் கூச்சப்பட்டு விட்டுவிடக் கூடாது. பாதத்துக்குக் கண்ணாடியைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்கினால் போதும். விரலிடுக்குகளைக் கையால் விரித்துப் பார்க்க வேண்டும்.

பாதத்தில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வருவது அபூர்வம். வந்தால் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வருவதே அதிகம். பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரலில் கண்டுபிடித்தார்கள். முதலில் கால்பந்து ஆடிய காயம் என்றே நினைத்திருந்தார்கள். 1981-இல், 36 வயதில் இறந்துபோனார்.

போன வருடம் என் பெருவிரல் நகத்தடியிலும் ஒரு கறுப்பு தெரிந்தது. எங்கே இடித்துக்கொண்டேன் என்று நினைவில்லை. படத்தில் குறித்து, நகத்தின் அடித்தோலுக்கும் கறுப்புக்கும் நடுவே இருந்த இடைவெளியை அளந்தேன்: 2 மி.மீ. அடுத்த மாதம் மூன்றரை, அதற்கடுத்த மாதம் ஐந்து. கால் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் வளரும். கறுப்பு அதே வேகத்தில் முன்னே நகர்ந்து, பின்னால் தெளிந்த நகம் வந்துகொண்டிருந்தது. கட்டிய ரத்தம்தான்.

நகராமல் அடியிலிருந்து நுனிவரை கோடாக நின்றாலோ, அகலமானாலோ, நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் கறுப்பு படிந்தாலோ அன்றே தோல் மருத்துவரிடம் போயிருப்பேன். நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் பழுப்புக் கோடுகள் இருப்பது சகஜம். ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்த கோடுதான் அந்த வாத்துக்குஞ்சு.

உங்கள் படத்தை மருதாணியும் நகப்பூச்சும் இல்லாத ஒரு நாளில் வரையுங்கள். அவை இரண்டும் மறைப்பது, நாம் முதலில் பார்க்க வேண்டிய இடங்களைத்தான்.