போட்டோவில் வெட்டுப்பட்ட வரி

உம்மாவின் கண்புரை ஒபரேசனுக்காகப் பக்கத்து வீட்டு நானா காப்புறுதி அட்டவணையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். "காப்புறுதித் தொகை 3 இலட்சம். பில் 140,000. முழுசாத் தருவாங்கதானே சேர்?"

பெருப்பித்துப் பார்த்தோம். கழிவுத்தொகை 25,000. அது அவர் கைக்காசு. மீதி 115,000தான் வரும். அதுவும் நிச்சயமில்லை. விலக்குகள் இருந்த அடிப்பகுதி படத்தில் வெட்டுப்பட்டிருந்தது (எல்லோரும் தொகையைத்தான் எடுக்கிறோம்!). மறுபடி எடுக்கச் சொன்னோம்.

மற்ற நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 30 நாள், கண்புரைக்கு 12 மாதம். ஆரம்பத் திகதியிலிருந்து எண்ணினால் ஒன்பது மாதம்தான். அடுத்த கிழமை செய்திருந்தால் ஒரு சதமும் கிடைத்திராது.

டொக்டரிடம் கேட்டார்; மூன்று மாதம் பொறுக்கலாமாம். ஆனால் 12 மாதம் முடியும் நாளில் பத்திரமும் முடிகிறது. பிந்தாமல் புதுப்பிக்க வேண்டும். விட்டால் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். அந்தத் திகதியைக் கலண்டரில் வட்டமிட்டுக் கொடுத்தோம்.