அறுபதாயிரம் ரிங்கிட்டின் ஆயுள்

கடந்த மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். செராஸில் கடைவீட்டு மாடி ஒன்றில் இருக்கும் சின்ன ஆடிட் அலுவலகம் எங்களுடையது. கடைசி வாரம் சொத்துப் பதிவேட்டை ஒப்படைக்க உட்கார்ந்தபோது, புதிதாகச் சேர்ந்த பெண் சொன்னாள்: "அக்கா, அமொர்ட்டைசேஷனுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்? வாங்கின விலையை அஞ்சால வகுக்கிறதுதானே? சிஸ்டத்துல அஞ்சு வருசம்னு ஏற்கனவே போட்டிருக்கு."

அவள் கெட்ட பெண் இல்லை. அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வகுப்பதில் என்ன இருக்கிறது? எந்த எண்ணால் வகுப்பது என்பதில்தான் என் வேலை முழுவதும் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் எனக்கு வேலை கற்றுக் கொடுத்த சாருக்கு ஒரு பழக்கம். சொத்துப் பட்டியலில் ஆயுள் என்ற கட்டத்தில் யார் எந்த எண்ணை எழுதினாலும், பென்சிலால் வட்டம் போட்டு, "யாரும்மா சொன்னது?" என்று கேட்பார். "போன வருசமும் அஞ்சுதான் சார்" என்றால் காகிதம் திரும்பி வந்துவிடும். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி காரணம் இருக்க வேண்டும், அதுவும் அந்தப் பொருளைப் பற்றிய காரணமாக இருக்க வேண்டும். ஒரு முறை ஒருவர் தன் காப்புரிமையை, சான்றிதழ் கையில் கிடைத்த நாளிலிருந்து 20 ஆண்டுக்குப் பிரித்துக் கொண்டுவந்தார். இங்கே 2001 ஆகஸ்டுக்குப் பிறகு காப்புரிமையின் 20 ஆண்டு விண்ணப்பித்த நாளிலிருந்து ஓடுகிறது. அவருக்குச் சான்றிதழ் வரவே ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. அதனால் சட்டப்படி மிச்சம் 15. சார் அதோடு விடவில்லை. அந்தப் பொருளை இன்னும் எத்தனை ஆண்டு விற்கப் போகிறீர்கள் என்று கேட்டார். எட்டு என்று பதில் வந்தது. எட்டு என்றே எழுதினோம். சட்டம் கொடுக்கும் காலத்தைத் தாண்டக் கூடாது, அதற்குள் எவ்வளவு குறைவாகவும் இருக்கலாம்.

சார் கற்றுக் கொடுத்ததையெல்லாம் உரசிப் பார்த்தது 2018-இல் சிக்கலான ஒரு கணக்கு. அந்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

பாலக்கோங் பக்கம் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனி. ஜிஎஸ்டி வரப் போகிறது என்றதும் எல்லாரையும் போல அவர்களும் புது மென்பொருள் வாங்கினார்கள். மொத்த பில் 84,000 ரிங்கிட். அவர்களுடைய குமாஸ்தா அதை 'கணினி மென்பொருள்' என்று ஒரே வரியில் போட்டு வைத்திருந்தார். விலைப்பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பேரேடும் சரக்குக் கணக்கும் 24,000, ஜிஎஸ்டி பகுதி 60,000 என்று இரண்டு வரியாகவே இருந்தது. அந்தப் பகுதி இல்லாமலும் பேரேடு ஓடும். அதனால் இரண்டையும் பிரித்தேன். அன்று பிரித்திருக்காவிட்டால் மூன்று ஆண்டு கழித்து எதை எடுப்பது, எதை வைப்பது என்று தெரியாமல் திண்டாடியிருப்போம்.

பணம் ஜனவரியில் கட்டினார்கள். ஆனால் பழைய கணக்கை ஏற்றி, சோதித்து முடிக்க மார்ச் கடைசி ஆகிவிட்டது. அமொர்ட்டைசேஷன் தொடங்குவது பொருள் பயன்பாட்டுக்குத் தயாராகும் நாளில். பணம் கட்டிய நாளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆக 2015 ஏப்ரல் 1. ஜிஎஸ்டி தொடங்கியதும் அதே நாள். ஆயுள் ஐந்து ஆண்டு என்று வைத்தோம். அதற்குள் அடுத்த தலைமுறை மென்பொருளுக்கு மாற வேண்டியிருக்கும் என்று விற்றவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். கடைசியில் விற்றால் ஏதாவது கிடைக்குமா என்றால், அதை வாங்க யாரும் இல்லை. எனவே மிச்ச மதிப்பு சுழியம். 60 மாதம், மாதம் 1,000 ரிங்கிட். கணக்கு அழகாக ஓடியது.

2018 மார்ச் 31-இல் ஆண்டு முடிந்தபோது 36 மாதம் கழிந்து 24,000 மிச்சம் நின்றது. மே 9 தேர்தல். மே 16 அன்று, ஜூன் 1 முதல் ஜிஎஸ்டி விகிதம் சுழியம் என்று அறிவிப்பு வந்தது. செப்டம்பர் 1 முதல் எஸ்எஸ்டி. விற்பனை வரி உற்பத்தியாளரிடம் ஒரே கட்டத்தில் வாங்குவது. வாங்கி விற்கும் இந்தக் கம்பெனிக்கு அதில் வேலையே இல்லை. மென்பொருளை வேறு வரிக்கு மாற்றிப் பயன்படுத்தும் வழியும் அதோடு அடைபட்டது.

ஜூலையில் கணக்கை முடிக்கப் போனோம். முதலாளி சொன்னார்: "செத்துப்போன சாமான் இது. 24,000 வெள்ளியையும் மார்ச் கணக்கிலேயே அடிச்சுடுங்க. இந்த வருசம் லாபம் நல்லா இருக்கு, வரியாவது குறையும்." எங்கள் அலுவலகத்திலேயே எனக்கு மேலே இருந்தவர், வாடிக்கையாளர் கேட்கிறார், எழுதிவிட்டால் என்ன என்றார். நான் மறுத்தேன்.

முதலில் வரி விஷயம். நாம் எழுதும் அமொர்ட்டைசேஷனை ஹசில் ஏற்றுக்கொள்வதே இல்லை. வரிக் கணக்குப் போடும்போது அதைத் திரும்பச் சேர்த்துவிட்டு, அவர்களுடைய விகிதப்படி மூலதனப் படியைத்தான் கழிக்க வேண்டும். மென்பொருளுக்கு 2014 முதல் 2016 மதிப்பீட்டு ஆண்டு வரை முழு விலையையும் ஒரே ஆண்டில் கழிக்கலாம் என்று சலுகை இருந்தது. இந்த 60,000-ஐ வரியில் எப்போதோ கழித்து முடித்தாயிற்று. மார்ச்சில் எழுதினாலும் ஒரு காசு குறையாது என்றதும் முதலாளி அடங்கிவிட்டார். எங்கள் மேலதிகாரி அடங்கவில்லை.

அவருடைய வாதத்தில் கொஞ்சம் விஷயமும் இருந்தது. மார்ச் 8 அன்றே பக்காத்தான் ஹராப்பான் தேர்தல் அறிக்கையில் ஜிஎஸ்டியை நீக்குவோம் என்று சொல்லிவிட்டார்களே, ஆண்டு முடியும் முன்பே தெரிந்த விஷயம்தானே என்றார். நான் இரண்டு நாள் யோசித்தேன். மார்ச் 31 இரவு அந்த மென்பொருள் என்ன செய்துகொண்டிருந்தது? ஆறு சதவீதம் போட்டு பில் அடித்துக்கொண்டிருந்தது. தேர்தல் தேதிகூட அறிவிக்கப்படவில்லை. ஒரு கட்சியின் வாக்குறுதி அன்றைய நிலைமை ஆகாது. நிலைமை மாறியது மே மாதத்தில். ஆண்டு முடிந்த பிறகு உருவான நிகழ்ச்சியைக் குறிப்பில் சொல்லலாம், பின்னால் போய் எண்ணை மாற்றக் கூடாது. அப்படியே 24,000-ஐ நிறுத்தி, கீழே ஒரு குறிப்பு எழுதினேன்.

அடுத்த கேள்விதான் நிஜமாகவே கஷ்டமானது. ஜூன் 1 அன்று அது செத்துவிட்டதா? எல்லாரும் செத்துவிட்டது என்றார்கள். நான் அவர்கள் அலுவலகத்துக்குப் போய் ஒரு பகல் முழுவதும் பில் போடும் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுழிய விகிதத்திலும் ஜிஎஸ்டி பில் ஓடிக்கொண்டிருந்தது. வரிப் படிவமும் அனுப்பியாக வேண்டும். சட்டம் செப்டம்பர் 1-இல் நீங்கினாலும், கடைசிப் படிவத்துக்கு 120 நாள் அவகாசம் இருந்தது. அதாவது டிசம்பர் 29. பழைய பாக்கிகளைத் திருத்தி அந்தப் படிவத்தைத் தயாரிப்பது இந்த மென்பொருளின் வேலை. ஆக அதற்கு இன்னும் ஏழு மாத உயிர் இருந்தது.

மே முடிய 38 மாதம் கழிந்து 22,000 மிச்சம். அதை ஏழு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 3,143 ரிங்கிட். முன்பு எழுதிய ஆயிரம் ஆயிரங்களைத் தொடவில்லை. அவை அன்றைக்குத் தெரிந்ததை வைத்து நேர்மையாக எழுதியவை. மதிப்பீடு மாறினால் மாறிய நாளிலிருந்து முன்னோக்கித்தான் போக வேண்டும். 2019 மார்ச் ஆண்டுக் கணக்கில் எப்படியும் 24,000-தானே விழும், பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டார்கள். வங்கிக்குச் செப்டம்பர் அரையாண்டுக் கணக்கு கொடுக்க வேண்டியிருந்தது. அதில் 9,429 ரிங்கிட் சொத்தாக நின்றது. அன்று அந்த மென்பொருளுக்கு மூன்று மாத வேலை மிச்சம் இருந்தது, பதிவேடும் அதையே சொன்னது.

பதிவுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும், அதுவரை மென்பொருளைத் திறந்து பார்ப்போமே, ஆயுளை 2025 வரை நீட்டலாமே என்று விற்றவர்களின் ஆள் ஒரு யோசனை சொன்னார். பராமரிப்புக் கட்டணம் தொடர வேண்டும் என்பது அவர் கவலை. பழைய கணக்கைப் படிக்க மட்டும் வைத்திருப்பதால் கம்பெனிக்கு ஒரு வரவும் இல்லை. தாளில் அச்சடித்து வைத்தாலும் அந்தக் கடமை தீர்ந்துவிடும். வேண்டாம் என்றேன்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். ஆனால் அவள் கையில் இருந்த பட்டியலில் மூன்று கம்பெனிகளின் இ-இன்வாய்ஸ் மென்பொருள் இருந்தது, மூன்றுக்கும் ஐந்து ஆண்டு. ஒன்று மாதச் சந்தா. சந்தாவை எப்படிச் சொத்தாக்குவது? அது அவர்கள் கையில் இல்லாத பொருள், செலவில் போக வேண்டியது. இன்னொன்றின் ஒப்பந்தம் மூன்று ஆண்டோடு முடிகிறது, புதுப்பிக்க மறுபடி முழு விலை. புதுப்பிப்பதற்குப் பெரும் பணம் ஆகும் என்றால் அந்தக் காலத்தை ஆயுளில் சேர்க்கக் கூடாது. மூன்றாவதில் ஏன் ஐந்து என்று கேட்டேன். "முன்ன ஹசில் கணக்குல நாலு, இப்ப மூணு. நாம ஒரு ரவுண்டா அஞ்சு வச்சுக்கிறோம்" என்றாள்.

எனக்கு வருத்தம் இங்கேதான். ஹசிலின் எண் ஒரே மாதிரி மென்பொருளுக்கு 2016-இல் ஓர் ஆண்டு, 2017-இல் நான்கு, 2024-இல் மூன்று. அரசாங்கம் முதலீட்டை ஊக்குவிக்க வேண்டியபோது மாற்றும் எண் அது. மென்பொருள் எத்தனை நாள் உழைக்கும் என்பதை அது சொல்லாது. முன்பு பயிற்சிக்கு வருபவர்களை வாடிக்கையாளர் கடைக்கு அனுப்புவோம், கிடங்கில் நிற்பார்கள், பில் போடுபவரோடு பேசுவார்கள். இப்போது ஸ்கேன் செய்த பில் வருகிறது, கட்டத்தில் எண் தானாக நிரம்புகிறது, மேலே இருப்பவர் கையெழுத்துப் போடுகிறார். காரணம் எழுத அந்தத் திரையில் ஓர் இடமே வைக்கவில்லை. பெரிய கம்பெனிகளின் எம்எஃப்ஆர்எஸ் 138 ஆண்டுதோறும் ஆயுளை மறுபடி பார்க்கச் சொல்கிறது. நாங்கள் பார்க்கும் சின்னக் கம்பெனிகளின் எம்பெர்ஸ், அறிகுறி தெரிந்தால் பார் என்கிறது. நாற்காலியை விட்டு எழுந்து போகாதவருக்கு எந்த அறிகுறி தெரியும்?

பாலக்கோங் கம்பெனிக்காரர்கள் டிசம்பர் கடைசியில் போன் செய்தார்கள். அந்த மென்பொருளோடு மூலையில் கிடக்கும் பழைய கணினியைத் தூக்கிவிடலாமா என்று கேட்டார்கள். கடைசிப் படிவம் 2018 டிசம்பரில் போனது, ஏழு ஆண்டு முடிந்துவிட்டது. அச்சடித்த கோப்புகளும் முழுதாக இருக்கின்றன. தூக்கிவிடுங்கள் என்றேன். பதிவேட்டைத் திறந்து, விலை 60,000, கழித்தது 60,000, இரண்டு வரியையும் எடுத்தேன். பக்கத்தில் தேதி போட்டு, ஏன் எடுத்தேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு, பதிவேட்டை அவளிடம் கொடுத்தேன்.