புதிய வாடகை வீடும் இரண்டு பட்டியல்களும்



சென்ற ஆண்டு ராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து திருச்சிக்குக் குடிபெயர்ந்தோம். முன்பணமும் வண்டி வாடகையும் போக என் கையில் எஞ்சியது 18,000 ரூபாய். நான், என் துணைவியார், இரு பிள்ளைகள், என் உம்மா ஆகிய ஐவருக்கு அந்தத் தொகைக்குள் வீடு அமைய வேண்டும். பாய், தலையணை, பாத்திரங்கள், அடுப்பு ஆகியவை எங்களிடமே இருந்தன.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் முதல் வாடகை வீட்டிற்குச் சென்றபோது குளிர்சாதனப் பெட்டியையும் சோபாவையும் முதல் வாரமே தவணையில் வாங்கினேன். வட்டியே இல்லை என்றார் கடைக்காரர். கையெழுத்திட்ட பிறகுதான் பணம் தந்தது ஒரு நிதி நிறுவனம் என்பதும், தவணை தாமதமானால் தொகை கூடும் என்பதும் தெரிந்தன. இரண்டு தவணைகள் தாமதமாயின. வட்டியைப் பற்றிப் பாடம் நடத்தும் நான், அதே மாதத்தில் அபராத வட்டி கட்டினேன். அந்த வெட்கம் இன்றும் நீங்கவில்லை.

ஆகவே இம்முறை பட்டியலைத் துணைவியாரிடம் ஒப்படைத்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "இந்த வாரம் இது இல்லாவிட்டால் வீட்டில் எந்த வேலை நின்றுபோகும்?" பதில் இருந்தால் அது முதல் தாளுக்குச் சென்றது. பதில் இல்லாவிட்டால், எவ்வளவு பயனுள்ள பொருளாயினும் இரண்டாம் தாளுக்குச் சென்றது.

உடனே வாங்கியவை

பொருட்களை இறக்கும் முன், மாலை வெளிச்சம் இருக்கும்போதே வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். முன்பு குடியிருந்தவர்கள் பல்புகளையும் ஒரு மின்விசிறியையும் கழற்றிச் சென்றிருந்தார்கள். குளியலறைக் குழாய் ஒழுகியது. வாசற்கதவுப் பூட்டின் சாவி இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. புதிய பூட்டு, நான்கு எல்.இ.டி. பல்புகள், மின்விசிறி, குழாய் ஆகியவற்றுக்கு 2,600 ரூபாய் ஆயிற்று. குழாயைப் பழுதுபார்க்கும் முன்பே வீட்டுக்காரருக்குத் தெரிவித்ததால், அந்த 250 ரூபாயை மறுமாத வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். மின்விசிறி எங்களுடையது, காலி செய்யும்போது எடுத்துச் செல்வோம் என்பதையும் அப்போதே பேசிவிட்டோம். இரசீது பத்திரமாக இருக்கிறது.

இரண்டு வாளி, குவளைகள், துடைப்பம், குப்பைமுறம், பினாயில் 800 ரூபாய். அடுத்தது திரைச்சீலை. பலர் இதை அலங்காரம் என்று எண்ணித் தள்ளிப்போடுவார்கள். எங்கள் சன்னல்களுக்கு நேரெதிரே அடுத்த வீட்டு மாடிப்படி இருந்தது. திரை இல்லாவிட்டால் வீட்டுப் பெண்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு வெக்கையில் வேக வேண்டும். தைத்த திரை வாங்காமல், சுருள் கம்பியும் மீட்டர் துணியும் வாங்கி ஓரம் மட்டும் அடித்தோம். 900 ரூபாயில் முடிந்தது.

எரிவாயு இணைப்பை ஊரிலேயே முறையாக முடித்து வந்தோம். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்தபோது வைப்புத்தொகை திரும்பக் கிடைத்தது. இணைப்பு முடிந்ததற்கான சீட்டும் தந்தார்கள். அந்தச் சீட்டைத் திருச்சி முகவரிடம் காட்டி, இப்போதுள்ள வைப்புத்தொகையைச் செலுத்தினோம். முன்பு கட்டியதைவிட இது அதிகம் என்பதால், புதிய ரப்பர் குழாயும் சேர்த்துக் கையிலிருந்து ஏறக்குறைய 2,000 ரூபாய் கூடுதலாகச் சென்றது. சீட்டு இல்லாமல் வந்திருந்தால் புதிய இணைப்புக்கு அலைந்திருப்போம். முகவரிச் சான்று கைக்கு வராதவர்கள் 5 கிலோ சிறிய சிலிண்டரை அடையாளச் சான்று மட்டும் காட்டி வாங்கிச் சமாளிக்கலாம். முதல் வார மளிகைக்கு மற்றொரு 2,000 ரூபாய்.

இத்துடன் முதல் தாள் முடிந்தது என்றே நினைத்தேன். மறுநாள் ஃபஜ்ருக்கு எழுந்தபோது உம்மா பாயிலிருந்து எழ முயன்றுகொண்டிருந்தார். ஒரு கை சுவரில். மறு கை முழங்காலில். இரண்டு முறை எழுந்து இரண்டு முறையும் அமர்ந்தார். ஊர் வீட்டில் அவர் படுத்தது திண்ணையோடு கட்டிய மேடை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. "கட்டில் வாங்கித் தரவா உம்மா?" என்றேன். "அதெல்லாம் மெதுவா வாங்கிக்கலாம் வாப்பா. இருக்குற காசைப் பார்த்துச் செலவு பண்ணு" என்றார்.

கட்டில் எங்கள் இரண்டாம் தாளில் இருந்தது. துணைவியார் பேசாமல் அதை அடித்துவிட்டு முதல் தாளில் எழுதினார். அன்று மாலையே 2,800 ரூபாய்க்கு இரும்புச் சட்டமிட்ட நாடாக் கட்டில் வந்தது. வாங்கும்போது உயரத்தைத்தான் பார்த்தோம்: உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிட மேலே போகக் கூடாது. எனவே எந்தப் பட்டியலையும் அப்படியே பின்பற்றாதீர்கள். அந்த வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களுடைய உடல்நிலைக்கேற்ப அது மாற வேண்டும்.

முதல் வாரச் செலவு மொத்தம் 11,100 ரூபாய். மீதம் 6,900.

பொறுத்து வாங்கியவை

இரண்டாம் தாளைக் குறைந்தது ஒரு மாதம் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். அந்த மாதத்தில் வீடே எங்களுக்குப் பல செய்திகளைச் சொன்னது.

தண்ணீர்ச் சுத்திகரிப்புக் கருவி வாங்கும்படி உறவினர் வற்புறுத்தினர். பத்து நாள் கவனித்தபோது, ஆழ்துளைக் கிணற்று நீர்தான் உப்பு என்பதும், மாநகராட்சிக் குடிநீர் காலையில் ஒரு மணி நேரம் நன்றாக வருகிறது என்பதும் புரிந்தன. எங்களுக்குக் குறையாக இருந்தது அதைச் சேமிக்க இடம்தான். மூடியுள்ள 100 லிட்டர் டிரம் ஒன்றை 950 ரூபாய்க்கு வாங்கினோம். அந்த நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம்.

சலவை இயந்திரத்திலும் அப்படியே. மேல்தளத்தில் குடியிருக்கிறோம்; தொட்டி எங்கள் தலைக்கு மேல் சில அடி உயரத்தில்தான் இருக்கிறது. குழாயைத் திறந்து 18 லிட்டர் வாளி நிறைய ஆகும் நேரத்தைக் கணக்கிட்டேன்: நான்கு நிமிடம். முழுத்தானியங்கி இயந்திரம் இத்தகைய மெல்லிய ஓட்டத்தில் நீர் வரவில்லை என்று கருதி நின்றுவிடக்கூடும். ஆறு மாதம் கழித்து, கையால் நீர் ஊற்றத்தக்க அரைத்தானியங்கி இயந்திரத்தைப் பழைய விலைக்கு வாங்கினோம்.

இரும்பு பீரோவுக்கு முன் மாடிப்படியின் திருப்பத்தை அளந்தோம். ஆறரை அடிப் பீரோ அங்கே திரும்பாது. பாதி உயரமுள்ளதே போதும் என்றாயிற்று. குளிர்சாதனப் பெட்டி நான்காம் மாதம் வந்தது. அதுவரை இறைச்சியை அன்றன்று வேண்டிய அளவே வாங்கினோம். சோபா இன்றுவரை வரவில்லை. விருந்தினருக்கு ஒரு படுக்கையும் நான்கு நெகிழி நாற்காலிகளும் வைத்திருக்கிறோம். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று என்பதற்கு மேல் விரிப்புச் சேர்ப்பதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. அதைப் பலமுறை பாடமாகச் சொன்னவன், இம்முறைதான் வீட்டில் எண்ணிப் பார்த்தேன்.

குளிர்சாதனப் பெட்டியையும் தவணையில்தான் வாங்கினேன். ஆனால் தெருமுனைக் கடைக்காரரிடம் நேரடியாக. ரொக்க விலையைவிட 500 ரூபாய் கூடுதலாக ஒரே விலையை முதலிலேயே பேசி, ஐந்து மாதத்தில் தருவதாக எழுதிக்கொண்டோம். தாமதமானாலும் ஒரு ரூபாய் கூடாது. தவணைக்கென்று விலையை முன்கூட்டியே நிர்ணயித்து விற்பதைப் பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் அனுமதிக்கின்றனர். தாமதத்துக்காகக் கடன் வளர்வதுதான் வட்டி. கையெழுத்திடும் முன் "ஒரு மாதம் தவறினால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் வேறுபாடு தெரிந்துவிடும்.

உம்மா இப்போது ஃபஜ்ருக்குச் சுவரைப் பிடிக்காமல் எழுகிறார். அல்ஹம்துலில்லாஹ்.