மூணு செகண்ட், 75 ஃபிரேம்

மேனாம்பேட்டில் எங்க மாமாவுக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. எஸ்டேட் கம்பெனிகளில் ஆர்டர் கேட்க, செய்த வேலைகளை அரை நிமிட வீடியோவாக வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அதன் முன்னால் ஓட லோகோ அனிமேஷன் செய்து தரச் சொன்னார். ஒரே நிபந்தனை: "மூணு செகண்டுக்கு மேல போகக்கூடாதுடா. பர்சேஸ்ல இருக்கறவர் தள்ளி விட்டுடுவாரு."

நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் மொத்தம் 75. லேத்தின் சக் மாதிரி ஒரு வளையம் சுழன்று 35-வது ஃபிரேமில் நிற்கும். அங்கேயே கடைப் பெயர் தெரியும். மீதி 40 ஃபிரேமும் எதுவும் அசையாது. பெயரைப் படிக்க அந்த நேரம் வேணும். வளையம் ஒரே வேகத்தில் சுற்றி சட்டென நின்றால் காகிதம் மாதிரி இருக்கும். வேகம் படிப்படியாகக் குறைந்தால்தான் இரும்பின் எடை தெரியும்.

சத்தத்துக்கு மாமா மோட்டார் உறுமலைக் கேட்டார். ஆனால் அந்த அடித்தொனி போன் ஸ்பீக்கரில் சரியாக எழும்பாது. அதனால் இரும்புக் கம்பியை ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டிப் பதிவு செய்தோம். அந்த 'டங்' 1.4-வது நொடியில், வளையம் நிற்கும் அதே ஃபிரேமில் விழணும். படத்துக்கு முன்னால் சத்தம் வந்தால் காது உடனே கண்டுபிடிச்சிடும். நிஜத்தில் அப்படி நடப்பதே இல்லையே. அதன் ரீங்காரமும் 75-வது ஃபிரேமுக்குள் தேய்ந்து அடங்கணும். பாதியில் வெட்டினால் 'டிக்' என்று கேட்கும்.

கடைசியாக, சத்தத்தை அணைத்துவிட்டு மாமாவிடம் காட்டினேன். ஆபீஸில் பலர் அப்படித்தான் பார்ப்பார்கள். பெயரை வாய்விட்டுப் படித்தார். "போதும், அனுப்பு" என்றார்.