பண்டிகைப் பேரை அடித்துவிட்டுப் படியுங்கள்

2021 செப்டம்பரில் கேட்பரி தன் பழைய கிரிக்கெட் விளம்பரத்தைத் திரும்ப எடுத்தது. 1994-இல் வந்த மூலத்தில், 99 ரன்னில் நிற்பவன் பந்தைத் தூக்கி அடிப்பான். எல்லையில் நிற்பவன் பிடித்துவிடுவானோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பந்து அவனைத் தாண்டிப் போனதும் காதலி காவலாளிக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, ஆடிக்கொண்டே மைதானத்துக்குள் ஓடுவாள். புதியதில் மட்டை பெண் கையில். ஆடி வருவது பையன். பாட்டு, 99, காவலாளி எல்லாம் பழையபடி.

அதைப் பார்த்தபோது கள்ளக்குறிச்சியில் நான் எழுதிய ஆட்டோ விளம்பரங்கள்தான் ஞாபகம் வந்தன. குழாய் ரேடியோ கட்டிய ஆட்டோ மணிக்கு 10 கிலோமீட்டரில் ஊர்ந்தால், திண்ணையில் இருப்பவர் காதில் 20 விநாடி தெளிவாக விழும். அதனால் 30 விநாடி ஸ்கிரிப்டில் கடைப்பெயர் இரண்டு இடத்தில் வந்தாக வேண்டும். ஒரு ஜவுளிக்கடைக்கு எழுதிய தீபாவளி ஸ்கிரிப்ட் நன்றாக ஓடியது. மனைவி, "ஏங்க, இன்னும் கிளம்பலையா?" என்பாள். "போனஸ் வரட்டும்டி" என்பான் அவன். அப்புறம் கடைப்பெயர், ஒரு சின்ன ராகத்தோடு. பையன்கள் அந்த ராகத்தைப் பாடிக்கொண்டே பள்ளிக்குப் போனார்கள்.

தை வந்ததும் முதலாளி, "தீபாவளிங்கிற இடத்துல பொங்கல்னு ஒட்டிடுப்பா" என்றார். ஒட்டலாம்தான். ஒட்டிய சொல்லில் குரல் மாறுவது காதுக்குத் தெரியும், அதுகூடப் பரவாயில்லை. தையில் எவனுக்கு போனஸ்? நம் பக்கம் அப்போது காசு வருவது கரும்பிலும் மரவள்ளியிலும். பிறந்த வீட்டிலிருந்து சீர் போகிற மாதம் வேறு. ஆகவே கூப்பிடுகிறவளை மாற்றினேன். கட்டிக்கொடுத்த மகள் போனில், "அப்பா, இன்னும் கிளம்பலையா?" என்கிறாள். "மரவள்ளி லோடு ஏத்திட்டு வந்துடுறேம்மா" என்கிறார் அப்பா. கேள்வியும் ராகமும் பழசு. ஆளும் காரணமும் புதுசு. முதலாளிக்கு அரைமனசுதான்.

கேட்பரிக்காரர்கள் செய்ததும் இதைத்தான். ஆண்-பெண் இடத்தை மாற்றுவது சாமர்த்தியம் மட்டும் என்றால் 2005-இலேயே செய்திருக்கலாம். வலிந்து ஒட்டியதாகத் தெரிந்திருக்கும். 2020 மார்ச்சில் மெல்போர்னில் இந்தியப் பெண்கள் ஆடிய டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு 86,174 பேர் வந்தார்கள். அதன் பிறகு, நிறைந்த மைதானத்தில் ஒரு பெண் 99-இல் நிற்பது யாருக்கும் கற்பனையாகப் படவில்லை. பழைய படத்தைப் பார்த்தே இராத பிள்ளைகளுக்கும் அது விளங்கியது.

இந்த வருஷம் பழைய ஸ்கிரிப்டைத் தூசி தட்டுகிறவர்கள், பண்டிகைப் பேரை அடித்துவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எந்தப் பண்டிகைக்கு எழுதியது என்று கேட்பவர் சொல்லிவிட்டால் ஆட்டோவில் ஏற்றுங்கள். முழித்தால் நடுவரிகளைத் திருப்பி எழுதுங்கள்.